ஆறாவது ஸ்லைடின் அடிவரி

ஜெரூஷாவிடம் "வெளியே மழையா?" என்று கேட்டால், "என் ஜன்னல் பக்கம் பெய்யுதுண்ணா. ரோட்டுப் பக்கம் நான் பாக்கல" என்பாள். இந்தப் பெண்ணோடு எப்படிக் குப்பை கொட்டப் போகிறோம் என்று முதல் வாரமே எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டே அறை. கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இன்ஸ்டாகிராம் பதிவுகள் செய்து கொடுக்கிறோம். ஜெரூஷா எழுதுவாள். பத்ரி என்கிற நான் அதற்குப் படமும் எழுத்துருவும் போட்டு வடிவமைப்பேன். ஆள் பிடித்து வருவதும் எங்கள் மேல் எரிந்து விழுவதும் முதலாளி ஜீவானந்தம் சாரின் வேலை.

அவள் காட்டாங்குளத்தூரிலிருந்து ரயிலில் வருவாள். அப்பா சவுரிமுத்து எலக்ட்ரீஷியன். தாவரவியல் படித்துவிட்டு, அதற்கு வேலை கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள். எழுத வேண்டியது இன்றைக்குப் பல்வலி, நாளைக்குக் கிரானைட், மறுநாள் நாய்க்குட்டி உணவு. அவள் வீட்டில் நாயும் கிடையாது, கிரானைட்டும் கிடையாது. எல்லாம் ரயிலில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்வதுதான். அவள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கட்டம் இருக்கும்: உறுதியாகத் தெரிந்தது, சிலர் சொல்வது, எனக்குத் தெரியாதது. மூன்றாவது கட்டம்தான் எப்போதும் நிரம்பி வழியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு தெரியாதவளுக்கு எதற்குச் சம்பளம் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். சிரிப்பாள்.

என் கதை வேறு. எனக்கு ஊரில் ஒரே பெயர், தூங்குமூஞ்சி. தாம்பரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வருவதற்குள் கனவு வந்துவிடும். முழுத் தூக்கம்கூட இல்லை, ஜன்னல் திறந்தபடியே கனவு உள்ளே வரும். தண்டவாளச் சத்தம் தண்ணீர்ச் சத்தமாக மாறும். எதிர் சீட்டு அம்மாவின் பூக்கூடையிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் கொக்குகள் ஒவ்வொன்றாக எழுந்து மின்விசிறிக்கு மேல் பறக்கும். விடியற்காலையில் இன்னொன்று. கண் விழித்திருக்கும், கை அசையாது. நெஞ்சின் மேல் கனமாக யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அமுக்குவான் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அதேதான். ஒருவர் வாயுத்தொல்லை என்றார். ஒரு டாக்டர் சர்க்கரை என்று பரிசோதித்து, இல்லை என்றதும் சோம்பேறித்தனம் என்றார். மச்சினன் ஒரு தாயத்து வாங்கி வந்தான். எல்லோருமே அடித்துச் சொன்னார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை என் பெண் ஸ்ம்ருதியை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். சேலையூர் தாண்டியதும் ரோடு மெல்லத் தண்ணீராக அசைந்தது. அழகாக இருந்தது, சத்தியமாக. அடுத்த நொடி முன்சக்கரம் ரோட்டு நடுவிலிருக்கும் மீடியனை உரசியது. "அப்பா, நீ தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். எட்டு வயது. இல்லைடா கண்ணா, ஒரு கல்லு என்று பொய் சொன்னேன். மறுநாளும் அவளை நான்தான் கொண்டுவிட வேண்டும், அதற்கு மறுநாளும். என் மனைவி அதற்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அன்றைக்கு ஆபீசில் ஒரு மெத்தைக் கம்பெனியின் வேலை வந்திருந்தது. தூக்கத்தைப் பற்றி ஒரு கரோசல் வேண்டுமாம். விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பார்களே, அந்த ஸ்லைடு வரிசை. ஜெரூஷா எடுத்துக்கொண்ட தலைப்பைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றது. அமுக்குவான். எட்டு ஸ்லைடு எழுதியிருந்தாள். எட்டாவதில் மட்டும், "இது படித்து எழுதியது, எல்லாம் உறுதி இல்லை" என்று ஒரு குறிப்பு.

"இதை யாரு படிப்பா?" என்று எரிந்து விழுந்தேன். "எட்டாவது ஸ்லைடு வரைக்கும் எவன் வருவான்? நடுவுல ஒண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டுட்டுப் போயிடுவான். உன் குறிப்பு இங்கயே கெடக்கும்."

அவள் யோசித்தாள். "ஆமாண்ணா. அப்போ எந்த ஸ்லைடுல சந்தேகம் இருக்கோ, அந்த ஸ்லைடுலயே சொல்லணும்."

வாயைக் கொடுத்து வேலையை இழுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டாள். இரண்டாவது ஸ்லைடில்: "இதை எழுதுபவருக்கு இந்த அனுபவம் வந்ததில்லை. ஆய்வுகளைப் படித்து எழுதியது." மூன்றாவது, கனவு வரும் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும், தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்தால் இப்படி ஆகும், அதன் அடியில், "இது நன்றாக நிறுவப்பட்டது." நான்காவது, நூற்றில் சுமார் எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது, அடியில், "பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கு. நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும், தெரியவில்லை." ஐந்தாவது, மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வருவதாகச் சில ஆய்வுகள்; அடியில், "ஒருக்களித்துப் படுத்தால் நின்றுவிடுமா? உறுதியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை."

ஜீவானந்தம் சார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? தெரியாது, தெரியல, கெடைக்கல. இத்தப் படிச்சா மெத்தை வாங்குவானா, ஓடுவானா? முதல் ஸ்லைடு 'நான்'னு ஆரம்பி. 'நேத்து என் நெஞ்சு மேல யாரோ உக்காந்தாங்க'ன்னு போடு. அப்பத்தான் ஜனம் நிக்கும். ஆறாவதுல, 'ஆபத்தே இல்லை, பயப்படாதீங்க', அவ்ளோதான். அடியில கீற பொடி எழுத்தெல்லாம் தூக்கிடு. எட்டாவதுல, நம்ம மெத்தையில படுத்தா வராது."

"எனக்கு வந்ததே இல்ல சார்."

"யாரு வந்து செக் பண்ணப் போறான்?"

"மெத்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் எங்கயும் படிக்கல சார்." குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"பத்ரி, நீ தூக்குப்பா அந்த வரியெல்லாம். நாலு மணிக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு சார் உள்ளே போனார்.

நான் வடிவமைப்பவன். எழுத்தை எழுத்தாகப் பார்ப்பேனே தவிரப் படிப்பதில்லை. எனக்கு அது அகலம், உயரம், இடைவெளி, அவ்வளவுதான். ஐந்தாவது ஸ்லைடு வரைக்குமான அடிவரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஆறாவதற்கு வந்தேன். மௌஸில் விரல். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. கீழே பஸ் ஹாரன்கள் தொலைவில் போய்ப் பறவைக் கூச்சலாயின. நான் சதுப்பு நிலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன், கால் நனையவில்லை. ஸ்ம்ருதி முன்னால் போகிறாள். கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை. அவள் போய்க்கொண்டே இருக்கிறாள்.

விழித்தபோது தலை தொங்கியிருந்தது. கண்ணுக்கு நேரே அந்த வரி:

"பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தளர்வதும் கூடவே இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இது எனக்குப் படிப்பறிவு மட்டுமே. தூக்க மருத்துவரிடம் கேளுங்கள்."

முழங்கால். என் கல்யாணத்தில் நண்பர்கள் அடித்த ஜோக்குக்கு நான் சரிந்து உட்கார்ந்ததை வீடியோவில் போட்டுப் போட்டுச் சிரிப்பார்களே! அதை யாரிடமும் நான் ஒரு நோயாகச் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"ஜெரூஷா" என்றேன். "எனக்கு இது எல்லாமே இருக்கு."

எல்லாவற்றையும் கொட்டினேன். மீடியன் உட்பட. அவள் நோட்டை எடுக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன வியாதின்னு சொல்லு. நீதானே படிச்சே!"

"எனக்குத் தெரியாதுண்ணா."

"அட, சும்மா ஒரு பேரையாவது சொல்லேன்!" கத்திவிட்டேன்.

"ஒரு பேரு படிச்சிருக்கேன். ஆனா உங்களுக்கு அதுதான்னு சொல்ல எனக்குத் தெரியாதுண்ணா. தப்பாச் சொல்லிட்டா நீங்க நம்பிடுவீங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் பாப்பாவை வண்டியில ஏத்தாதீங்க, ப்ளீஸ். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இத்தனை வருஷத்தில் எல்லோரும் எனக்குப் பதில் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஒவ்வொரு பதிலோடும் நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். இவள் சொன்ன 'தெரியாது'வோடு என்னால் உட்காரக்கூட முடியவில்லை.

எடுத்த அடிவரிகளை எல்லாம் திரும்ப வைத்தேன். பொடி எழுத்தைப் பெரிதாக்கினேன். முதல் ஸ்லைடுக்கு 'நான்' வேண்டும் என்றாரே சார், என் வாய்ச்சொல்லையே கொடுத்தேன்: "விழிப்பு வந்துவிட்டது. கை வரவில்லை." கீழே ஜெரூஷா, "எங்கள் அலுவலக நண்பர் சொன்னது. எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது" என்று சேர்த்தாள். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், இதற்குமா குறிப்பு என்று கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானேண்ணா" என்றாள்.

சார் கத்தினார். ஆறாவது ஸ்லைடில் கை வைத்தால் நான் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். சார், "பேஜார் புடிச்ச ஆளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, எட்டாவது ஸ்லைடில் வெறும் மெத்தைப் படத்தையும் கம்பெனி பெயரையும் போடச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு லைக் வந்தது. மெத்தைக் கம்பெனிக்காரர் மறுபடி வரவில்லை.

மறுநாளிலிருந்து ஸ்ம்ருதி பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பள்ளி வேனில் போனாள். நகரத்தில் ஒரு தூக்க மருத்துவரிடம் நாள் கிடைத்தது. வரவேற்பில் கொடுத்த படிவத்தில், பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் ஜெரூஷா என்று எழுதினேன்.

"எந்த ஹாஸ்பிடல் டாக்டர் சார்?" என்று வரவேற்பிலிருந்த பெண் கேட்டாள்.

"டாக்டர் இல்லைங்க. அவங்களுக்கு இதைப் பத்தித் தெரியாது."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு ராத்திரி முழுக்கத் தலையிலும் முகத்திலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். மறுநாள் பகலில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், ஐந்து முறை இருட்டறையில் படுக்கச் சொன்னார்கள். "தூங்குங்க சார்" என்று நர்ஸ் விளக்கை அணைத்தார். பட்டப்பகலில், திட்டாமல், என்னைத் தூங்கச் சொன்னார்கள். கொக்குகள் வந்தன. நான் அழுதுகொண்டே தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

சராசரி மூன்று நிமிஷத்தில் தூங்கியிருக்கிறேன், ஐந்தில் நாலு முறை நேரே கனவுக்குள் போயிருக்கிறேன் என்றார் டாக்டர். மூளையால் தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்து வைக்க முடியாத நோய், நார்கோலெப்சி என்று பெயர் சொன்னார். மாத்திரை எழுதினார், பகலில் நேரம் வைத்துக் குட்டித்தூக்கம் போடச் சொன்னார். தான் சொல்லும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்றார். மீடியனைப் பற்றிச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பின்னாடி குழந்தை இருந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வந்து ஜெரூஷாவைக் கூப்பிட்டேன். நீ படித்திருந்த பெயர் அதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"அண்ணா," என்றாள், அழுதுகொண்டிருந்தாள். "அன்னைக்கு சார் சொன்னப்ப, அந்த ஆறாவது ஸ்லைடு வரியை எடுத்துடலாம்னுதான் நானும் நெனச்சேன்."