முத்திரையில்லாத எடைக்கற்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டெல்லியில் எடை அளவை ஆய்வாளராக இருந்தேன். கடைக்காரர்களின் இரும்புக் கற்களைச் சோதித்து அரசு முத்திரை குத்துவதும், முத்திரை இல்லாதவற்றைப் பறிமுதல் செய்வதும் என் வேலை. சரோஜினி நகர் சந்தைக்குள் நுழைந்தால் என் கண் கத்தரிக்காயைப் பார்க்காது, தராசைத்தான் பார்க்கும். என்னோடு காய் வாங்க வருவதையே என் மனைவி நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷம் ஒரு தொல்லியல் ஆய்வு நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. சிந்துவெளி நகரங்களின் எடைக்கற்களுக்குப் புதிதாகப் பட்டியல் போடுகிறார்கள். துல்லியமாக எடை போடத் தெரிந்த ஒருவர் ஒரு மாதத்துக்கு வேண்டும். வேறு யாரும் போக விரும்பாததால் என்னை அனுப்பினார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாளே ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். வழவழப்பான சிறு கனசதுரக் கற்கள். பட்டை பட்டையாக நிறம் ஓடும் தீக்கல். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முத்திரை எங்க மேடம்?"

"கிடையாது சார். எண்கூடப் போட்டதில்ல."

"அப்போ சரியான எடைன்னு யாரு சொல்லுதது?"

"நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தானே வந்திருக்கேள்."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில், இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். மிகச் சிறியது ஒரு கிராமுக்கும் குறைவு. அடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு. பிறகு நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு. பதினாறு மடங்குக் கல்தான் மிகுதி. பதின்மூன்றரை கிராமுக்குச் சற்று மேலே நின்றது. அதற்கும் பெரிய கற்களில் கணக்கு மாறி, நூற்றறுபது, இருநூறு, முந்நூற்றிருபது என்று பத்தின் பக்கம் போயிற்று. குஜராத்தில் கிடைத்ததும் ராஜஸ்தானில் கிடைத்ததும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல் இருந்தன. வித்தியாசம் வந்தால் முனை உடைந்திருந்தது.

இது என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. இருபது வருஷ வேலையில், தானாகவே சரியாக இருந்த சந்தையை நான் கண்டதில்லை. இவ்வளவு தூரத்துக்கு, இவ்வளவு காலத்துக்கு, ஒருவனும் ஏமாற்றவில்லையா? மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி தராசுக்குப் போவேன்.

இரண்டாவது வாரம் அகப்பட்டது. பதினாறு மடங்கு அளவுக் கல், பதினைந்து கிராமுக்கு மேல் காட்டியது. உடைசல் இருந்தால் எடை குறையுமே தவிர ஏறாது. நாலு முறை வைத்துப் பார்த்தேன். பொருள் வாங்கும்போது கனமான கல், விற்கும்போது லேசான கல். எனக்குத் தெரியாத வித்தையா? பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'மோசடிக் கல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதன் லேசான ஜோடியைத் தேடி நாலு நாள் பெட்டிகளைக் குடைந்தேன். கிடைக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு காரியத்திலும் அவசரப்பட்டிருந்தேன். எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தின் செயற்குழுவில் நானும் ஒருவன். சிந்துவெளி எழுத்தைப் பற்றி அந்த அம்மாவைப் பேச வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். "தமிழ்தான்னு அவங்க வாயாலே சொல்லணும், அச்சா?" என்று இந்தி கலந்து சொன்னார் தலைவர். நானும் தலையாட்டிவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டதும் அவர் பக்கத்துத் தட்டிலிருந்து சதுர மாவுக்கல் முத்திரை ஒன்றை எடுத்தார். ஒற்றைக் கொம்பு விலங்கு. தலைக்கு மேலே ஒரு வரி குறிகள்.

"இதைக் களிமண்ணுல ஒத்தினாத்தான் நேரா விழும். வலமிருந்து இடமா எழுதியிருக்கா. இதோ ஒத்தின அச்சைப் பாருங்கோ, இடப்பக்கம் இடம் போதாம கடைசிக் குறிகளை நெருக்கியிருக்கா. இவ்வளவு தெரியும். குறிகள் நானூறு இருக்கும். ஆனா ஒரு முத்திரைக்குச் சராசரியா அஞ்சுதான். தெரிஞ்ச மொழியோட சேர்த்து எழுதின கல் ஒண்ணுகூட இல்ல. எதை வச்சுப் படிக்கிறது?"

"தமிழ் மாதிரி ஒரு மொழியா இருக்கலாம்ல மேடம்?"

"இருக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைக்கிறதுக்கு நீங்க முத்திரை குத்துவேளா?"

என் மோசடிக் கல்லைப் பெருமையாக அவர் முன்னால் வைத்தேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை. அது கிடைத்த இடத்தைப் பழைய பதிவில் தேடினார்.

"வண்டல் குழியிலேர்ந்து எடுத்திருக்கா சார்."

எனக்குப் புரியவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டினார். வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சுடுமண் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டித் தெரு வடிகாலில் விழுகிறது. செங்கல் கட்டிய வடிகால். மேலே பெயர்த்தெடுக்கக்கூடிய மூடிகள். நீளமாக ஓடும் வடிகாலில் இடையிடையே ஆழமான குழி. கசடு அதில் தங்கும்; தண்ணீர் மட்டும் மேற்கொண்டு ஓடும். ஆள் வந்து மூடியைத் தூக்கிக் குழியை அள்ளிச் சுத்தம் செய்வான்.

"யாரோ கைதவறி விட்ட கல். தண்ணியிலயும் மண்ணுலயும் கிடந்திருக்கு. அடிப்பக்கம் பாருங்கோ."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு முகம் மட்டும் சற்றே சொரசொரப்பு. கல்லின் நிறத்திலேயே கெட்டியான சுண்ணாம்புப் படிவு. தொட்டுத் தொட்டுப் பார்த்தும் எனக்குத் தோன்றாமல் போயிற்று. ரசாயனப் பிரிவில் அதை ஊறவைத்து, ஊசியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தார்கள். பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் தினம் இரண்டு முறை அங்கே போய் எட்டிப் பார்த்தேன். கல் திரும்பி வந்ததும் தராசில் வைத்தேன். முள் அசைந்து அசைந்து, பதின்மூன்று புள்ளி ஆறில் நின்றது.

"பதிவேட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதிரட்டுமா மேடம்?"

"கிழிக்கக் கூடாது. அடிச்சிட்டு, ஏன்னு பக்கத்துல எழுதுங்கோ."

எழுதினேன். அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன்.

சங்கக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா வடிகாலைப் பற்றி அரை மணி பேசினார், ஜனங்கள் நெளிந்தார்கள். எடைக்கற்களைப் பற்றிச் சொன்னபோது கொஞ்சம் கேட்டார்கள். எழுத்துக்கு வந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"மேடம், சுத்தி வளைக்காதீங்க. தமிழா, இல்லையா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு வந்தீங்க?"

சலசலப்பு. தலைவர் என்னை முறைத்தார். எழுந்து மேடையருகே போனேன். ஒரு கல்லை மோசடி என்று எழுதியதையும், அது வெறும் சுண்ணாம்பு என்று தெரிந்ததையும் சொன்னேன். "எனக்கு முன்னமே ஒரு முடிவு இருந்துச்சு. அதனால கல்லைச் சரியாப் பாக்கல. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்தவன்மேல கேஸ் எழுதிட்டேன். மேடம் தெரியாதுன்னு சொல்லுதது சாமானியம் இல்ல."

சிலர் சிரித்தார்கள். பாதிப்பேர் காபிக்குப் போய்விட்டார்கள். அடுத்த தேர்தலில் என் பெயரைச் செயற்குழுவுக்கு யாரும் முன்மொழியவில்லை.

அம்மாவைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட்டேன். பேச்சு எடுபடாமல் போனதில் அவருக்கும் வருத்தம்தான். "நானும் ராத்திரியெல்லாம் அந்தக் குறிகளைக் கனவுல படிச்சிண்டிருக்கேன் சார். விடிஞ்சா ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது.

ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. அந்த எழுத்தைப் படித்துவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். படித்திருக்கக் கூடாதா என்று ஒரு பக்கம் ஆசை. எதை வைத்துப் படித்தார்கள் என்று மறுபக்கம் கேள்வி. என் மனைவி பேப்பரைப் பிடுங்கி மடித்து வைக்கிறாள்.