மூச்சு இருபது

நர்சிங் இரண்டாம் ஆண்டில் எங்கள் டியூட்டர் மேடம் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். அடிப்படை நர்சிங் புத்தகத்தில் உயிர்க்குறிகள் பற்றிய அத்தியாயத்தை ஒரே பக்கமாகச் சுருக்கித் தமிழில் எழுதித்தர வேண்டும். லேமினேட் செய்து வார்டில் மாட்டப்போகிறார்களாம்.

"ஒரு பக்கத்துக்கு மேல போச்சுன்னா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க கண்ணு. இயல்பு எவ்வளவு, கூடினா ஏன், குறைஞ்சா ஏன். அவ்வளவுதான் வேணும்" என்றார்.

என் கையெழுத்து அழகு என்பதால்தான் என்னிடம் வந்தது. படிப்பில் நான் சுமார்தான். ஆனால் கோடு போடச் சொன்னால் உற்சாகமாகிவிடுவேன். நான்கு வரிசைகள் போட்டேன்: வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம்.

வெப்பமும் நாடியும் எளிதில் அடங்கின. வாயில் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றொன்பது ஃபாரன்ஹீட். கூடினால் தொற்று, உடலில் நீர் வற்றுதல். குறைந்தால் அதிர்ச்சி நிலை, குளிர். வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் உடம்பு சில்லிட்டுப்போகும். நாடி நிமிடத்துக்கு அறுபதிலிருந்து நூறு. ரத்தம் போனாலும் ஓடும், பயந்தாலும் ஓடும். நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மெதுவாக இருக்கும், சில இதய மாத்திரைகளாலும் குறையும்.

மூச்சுதான் இடக்குப் பண்ணியது. பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது என்று எழுதினேன். வேகமானால் காய்ச்சல், வலி, பதற்றம், நுரையீரல் நோய், ரத்தசோகை. கட்டம் நிறைந்துவிட்டது. கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது: ரத்தத்தில் அமிலம் சேர்வது, முக்கியமாகக் கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோயில். அப்போது மூச்சு வேகமாக மட்டும் இருக்காது, ஆழமாகவும் இருக்கும். நுரையீரலில் கோளாறே இருக்காது. உடம்பு அமிலத்தை மூச்சு வழியாக வெளியே தள்ளப் பார்க்கும். இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. ஓடாத மனிதர் ஓடியவரைப் போல மூச்சு வாங்குவதை மனக்கண்ணில் பார்த்து, எழுத்தைப் பொடியாக்கி அதையும் நுழைத்துவிட்டேன்.

கீழே குறிப்பாக இன்னொரு வரி: மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் சுவரை ஒட்டி பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட் இருந்தது. அதன் மெஷின்கள் ஓடும் சத்தத்திலேயே வார்டு பகலெல்லாம் கிடக்கும். எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதி முடித்த அன்று மத்தியானம் கரண்ட் போனது. மின்வெட்டு மலிந்திருந்த காலம். மெஷின்கள் நின்றன, மின்விசிறிகள் நின்றன. வார்டில் இத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் மெல்லிய காற்று போய்வந்துகொண்டிருந்தது. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. அது அவசரமாகவும் கனமாகவும் இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்து வந்தது அது. பனியன் கம்பெனியில் டெய்லர் தைக்கத் துணியைக் கைமடித்துக் கொடுக்கிற பெண். தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். வயிற்றுவலி, வாந்தி என்று காலையில் சேர்த்திருந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். காய்ச்சல் இல்லை. அவள் கையைப் பிடித்தேன். நாடி ஓடியது. விடாமல் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தேன். விலா எலும்புகள் தெரிய ஏறி இறங்கியது.

"என்னக்கா எண்ணுதீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"நாடி பாக்கறேன்."

"நாடி இல்லக்கா. மூச்சத்தான் எண்ணுதீங்க. நான் என்னமும் ஓடியா வந்தேன், இப்படி வாங்குது?"

அவள் குரலில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு நிமிடத்துக்கு முப்பத்தாறு வந்தது.

கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்தேன். வெப்பத்துக்கும் நாடிக்கும் அந்தந்த நேரத்துக் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது. மூச்சுக்கான வரிசையில் இருபது, இருபது, இருபது என்று இரவு பத்து மணி வரை எழுதி வைத்திருந்தார்கள். இன்னும் வராத நேரங்களுக்கும் அவள் மூச்சு விட்டு முடித்திருந்தாள். பக்கத்துக் கட்டில்களிலும் பார்த்தேன். வார்டு முழுக்க இருபதுதான்.

ஸ்டாஃப் நர்சிடம் காட்டினேன்.

"மூச்சை யாரு கண்ணு எண்ணிக்கிட்டிருப்பா? காலைலயே மொத்தமா போட்டுருவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்றார், இது ஒன்றுமே இல்லை என்கிற குரலில். கெட்டவர் இல்லை அவர். முப்பது கட்டிலுக்கு ஒரே ஆள்.

சார்ட்டில் திருத்த மாணவிகளுக்கு அனுமதி கிடையாது. ஓடிப்போய் டியூட்டர் மேடத்தை அழைத்துவந்தேன். அவர் அந்தப் பெண்ணின் முகத்தருகே குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. நானும் குனிந்தேன். அவள் மூச்சில் அளவுக்குமீறிப் பழுத்த பழத்தின் வாடை அடித்தது, அமிலம் சேர்ந்ததன் வாடை.

"தண்ணி நிறையக் குடிச்சியா சாமி, கொஞ்ச நாளா?"

"குடிச்சுக்கிட்டே இருக்கேன். தாகம் அடங்கவே மாட்டேங்கு."

விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்த்த கருவி எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. டாக்டர் வந்து சலைனும் இன்சுலினும் தொடங்கினார். இங்கே தீவிர சிகிச்சை வசதி இல்லை, உடனே கோயம்புத்தூர் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அவளுடைய அப்பாவும் பிழைக்க வந்தவர்தான். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். தயங்கினார். "இங்கயே பாத்துக்கிடலாமேம்மா? காய்ச்சல்கூட இல்லியே" என்றார், டாக்டரிடம் கேட்கத் துணியாமல் என்னிடம்.

"கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. இங்க வெச்சிருக்கக் கூடாதுங்க" என்றேன். நான் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் வரை அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

அவிநாசியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த மூச்சு நின்றுவிட்டதாம். ஐந்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய பையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக அப்பா வந்தார். கட்டில் காலியாக இருந்தது. சார்ட்டை மட்டும் யாரும் கழற்றவில்லை. நான் பையை எடுத்துவருவதற்குள் அவர் அதைக் கையில் எடுத்திருந்தார். செக்கிங் பழக்கம், வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் நான் எழுதிய அந்த ஒரு பக்கம் புதிதாக மாட்டப்பட்டிருந்தது. அதையும் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டிலிருந்து இருபது. நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

"இதானம்மா மூச்சு?"

தலையாட்டினேன்.

அவர் விரல் இரண்டு மணியில் இருந்து ஆறு மணிக்கு நகர்ந்தது. பிறகு பத்து மணிக்கு. அங்கேயே நின்றது. ஸ்டாஃப் நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்க ராத்திரி வரைக்கும் நல்லா மூச்சு விட்டுருக்காளே" என்றார். பிறகு, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், விவரம் கேட்பவரைப் போல என்னைக் கேட்டார்:

"அப்ப நான் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா, இருந்திருப்பாளாம்மா?"