தம்பிக்குப் பசிக்கிறது

மதுக்கடையின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வறுவலக்கா. கோழி பொரிப்பாள், கடலை வறுப்பாள், முட்டை புரட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: "உப்பைத் தாராளமாப் போடு. உப்புத் தின்னவன் தண்ணி குடிப்பான். நம்ம கடையில தண்ணின்னா என்னன்னு உனக்கே தெரியும்." சொல்லிவிட்டுத் தொப்பை குலுங்கச் சிரித்தான், கட்டையில போறவன்.

அவளே கண்ணால் பார்த்தாள். வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவன்கூட இரண்டாவது குவளை இறங்கியதும் "அக்கா, இன்னொரு தட்டு" என்பான். பச்சைக் காய்கறியை எவனும் கேட்டதில்லை. எல்லாருக்கும் எண்ணெயில் மிதந்ததுதான் வேண்டும், உப்பு நாக்கில் உறைக்க வேண்டும்.

கூடப் பிறந்த தம்பியும் அந்தக் கடையில்தான் குடித்தான். சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன், கல்யாணம் ஆகாதவன், அக்காவோடுதான் இருந்தான். திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பலிக்கவில்லை. கடைசியில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நம்புகிற ஒன்றை அவளும் நம்பினாள்: வெறும் வயிற்றில் குடிப்பவன்தான் செத்துப்போவான், நன்றாகத் தின்றுவிட்டுக் குடிப்பவனை எதுவும் அண்டாது. அதனால் தம்பி வந்து உட்கார்ந்தாலே கொழுப்புள்ள துண்டாகப் பொறுக்கிப் பொரித்து அனுப்புவாள். அவன் எலும்பைக்கூட விடமாட்டான். அதைப் பார்த்து அவள் வயிறு குளிரும். பசியெடுத்துத் தின்கிறவனுக்கு என்ன கேடு வந்துவிடும் என்று நினைத்தாள்.

கேடு வந்தது. கால் வீங்கியது, கண் மஞ்சளானது, வயிறு பானைபோல் உப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்.

"நல்லாத்தானே சாப்பிட்டான் டாக்டரம்மா! ஒரு நாளும் நான் பட்டினி போட்டதில்லையே!"

"அது வயித்துப் பசி இல்லம்மா. மூளையில பசியைக் கிளப்புற நரம்புகளைச் சாராயம் முடுக்கிவிட்டுடும். பட்டினி கிடந்தவன் மாதிரி கை பரபரன்னு தேடும். போதும்னு சொல்ற சேதி மங்கிப்போயிடும். சிறுநீரும் அதிகமாப் போய் உடம்பு வறளுமா, நாக்கு உப்பைத் தேடும். உப்பு தாகத்தைக் கிளப்பும், மறுபடி குடிப்பான்."

"சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்களே?"

"போதை மெதுவா ஏறும், அவ்வளவுதான். உள்ள போன சாராயத்தைக் கல்லீரல்தானே கரைக்கணும்? அது வரைக்கும் தின்ன கொழுப்பை எரிக்க ஆளில்லை, அங்கேயே படியும். இனிமே ஒரு சொட்டுக்கூடக் கூடாது. உப்பும் ரொம்பக் கம்மி. உப்பு சேர்ந்தா வயித்துல இன்னும் தண்ணி கட்டும்."

முதலாளி சொன்ன சூத்திரம் ஊரார் பிள்ளைகள் விஷயத்தில் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. சொந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே உப்புதான் என்று பாவி மனசுக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் தம்பி குடியை விட்டான். கூடவே பசியும் போய்விட்டது. உப்பில்லாத சோற்றையும் வேகவைத்த காயையும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். வயிற்றில் கட்டிய நீர் இரைப்பையை அழுத்துகிறது, கொஞ்சங்கொஞ்சமாகப் பல வேளை கொடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளும் பின்னாலேயே தட்டோடு அலைந்தாள்.

"இன்னும் ஒரு வாய்டா, என் ராசா."

"உள்ள போகமாட்டேங்குதுக்கா."

தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவன் எதிரிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பசிக்குதுன்னு உன் வாயால ஒரு தடவை சொல்லுடா, எனக்கு அது போதும்!"

மறுவாரம் ஒரு மத்தியானம். அவள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் தம்பி சுவரோரம் உட்கார்ந்தபடி சொன்னான்: "அக்கா, பசிக்குது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். "என்னடா வேணும்? சொல்லு சாமி, என்ன வேணும்?"

"மொறுமொறுன்னு ஏதாவது பொரியேன். உப்பு கொஞ்சம் தூக்கலா."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. உப்பு டப்பாவை எடுத்த கை அப்படியே நின்றது. இந்தக் குரலை அவள் நாள் தவறாமல் சாயங்காலம் பின்கட்டிலிருந்து கேட்டிருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அவன் அருகில் போய்க் குனிந்தாள். வாடை வந்தது.

"குடிச்சியா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடிச்சாதான் பசிக்குதுக்கா. நீ அழுதியே."

அது உண்மையா, குடிகாரன் சாக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். காலையில் தள்ளிவைத்த சோற்றுச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றான். விரல்களை நக்கிவிட்டுத் தட்டில் மிச்சம் கிடந்த காயையும் துழாவினான். தம்பி இப்படிச் சட்டியை வழித்துத் தின்பதைப் பார்க்கவேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளும் சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள்.