மேட்டிலேயே ரெண்டு

சென்னியப்பன் பிறந்த தேதி யாரிடமும் இல்லை. 1924இல் காவிரி பெருகி பரமத்தி வேலூரின் கொடிக்கால்களை வாரிக்கொண்டு போனபோது தமக்கு மீசை முளைக்கவில்லை என்பார். அதை வைத்து நான் கணக்கிட்டுக்கொண்டேன். அந்த வெள்ளத்தில் வெற்றிலைக் கொடியோடு அப்பனின் குத்தகையும் போனது. மூன்றாண்டு கழித்து அவர் நாமக்கல்லுக்கு வந்து பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியில் வண்டிகளின் வரத்துப்போக்கு எழுதிவந்தவன் நான். கீழே வருவது நான் பார்த்ததும், அவரும் அவர் மனைவி மாரக்காளும் சொன்னதும்.

அவர் கிளீனராக இருந்த வண்டியின் டிரைவர் பொன்னன். சென்னியப்பனைத் தம்பி என்றே நடத்தியவர். 1933 கார்த்திகையில், ராசிபுரம் போகும் வழியில் கரட்டு மேடு தாண்டி இறங்கும்போது வண்டி கைமீறியது. டாப் கியரிலேயே இறக்கத்தில் விட்டுவிட்டு, வேகம் ஏறியபின் பாதிச் சரிவில் கியரைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். பழைய கியர் விடுபட்டுவிட்டது, புதியது விழவில்லை. எஞ்சின் முனகல் நின்று, சக்கரங்கள் மட்டும் உருளும் சத்தம் கேட்டது. பிரேக் காய்ந்து புகைந்தது. "கியர் விழுகலடா சென்னி!" என்று கத்தியபடியே பொன்னன் வண்டியை ஓடைப் பாலத்துக்கு முன்னால் இருந்த மண் கரையில் மோதி நிறுத்தினார். சனங்கள் பிழைத்தார்கள். பொன்னன் பிழைக்கவில்லை.

அதன் பிறகு அந்த இறக்கத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் சென்னியப்பன் காதைப் பொத்திக்கொள்வார். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

1936இல் முதலாளி பாலசுந்தரம் அவரைக் கூப்பிட்டு, மோட்டார் ஓட்டுவோருக்கான தமிழ்க் கைநூல் ஒன்றைக் கொடுத்தார். பழைய அட்டை, எலி கடித்த ஓரம்.

"ஆடி நோம்பிக்குள்ள திருப்பிக் குடுத்துரோணும் சென்னி. அடுத்த ஆளும் படிக்கோணும். நோம்பி கழிஞ்சதும் சேலத்துல லைசென்சு ஆப்பீசர் கேள்வி கேப்பாரு. போன வாட்டி மாதிரி திருதிருன்னு முழிச்சயின்னா, புது வண்டிய சுப்பையங்கிட்டக் குடுத்துருவேன்."

"இந்த வாட்டி முழிக்க மாட்டனுங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் முழுவதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திண்ணைப் பள்ளியில் அப்படித்தான் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வண்டி ஓடாத நேரமெல்லாம் பெஞ்சில் குப்புறப் படுத்து, காற்புள்ளி விடாமல் எழுதினார். 'மலைச்சரிவுகளில் வாகனம் செலுத்துதல்' என்ற அத்தியாயம் மட்டும் ஏழு பக்கம். கை எழுதியது, மனசுக்குள் ஒன்றும் நிற்கவில்லை. எழுதிய பக்கத்தை மூடிவிட்டு என்ன எழுதினோம் என்று கேட்டுக்கொண்டால் நெஞ்சு வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையில் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்கும் என்பார்.

ஒரு நாள் வீட்டில், எழுதி முடித்த தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். மாரக்காள் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாதவள், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, காத்தால இருந்து சாமியாடி மாதிரி ஓதறீங்க. இப்ப படிச்சீங்களே, அதுல என்னதான் செய்யச் சொல்லுது?"

"எறக்கத்துல சின்ன கியருல போகச் சொல்லுது. எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்க உடாம அமுத்துனா சூடேறிப் புடிக்காமப் போயிரும், உட்டு உட்டு அமுத்தோணும்."

"இம்புட்டுத்தான? இதுக்கா ஒரு பக்கம்?"

சென்னியப்பன் படிப்பதை நிறுத்தினார். ஒரு பக்கம் முழுக்க எழுதியபோது தெரியாதது, அவளுக்குப் பதில் சொன்னபோது தெரிந்திருந்தது.

"சரி, அந்தக் கியர எங்க வெச்சு மாத்தோணும்?" என்றாள் அவள்.

தாளில் தேடினார். இல்லை. அந்தப் பக்கத்தை முன்பும் ஒரு முறை எழுதி, மை கொட்டியதால் ஒதுக்கி வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. புத்தகத்தை விரித்தார். இருந்தது.

'சரிவில் இறங்கத் தொடங்குமுன், மேட்டின் உச்சியிலேயே வேகத்தைத் தணித்துக் கீழ்க் கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சரிவில் வேகம் ஏறியபின் மாற்ற முற்படின் கியர் விழாது போகக்கூடும்.'

அடுத்த வாக்கியமும் 'சரிவில்' என்றே தொடங்கியது. எழுதும்போது கண் ஒரு 'சரிவில்'லிருந்து இன்னொரு 'சரிவில்'லுக்குத் தாவியிருக்கிறது. பார்த்து எழுதுகிறவர்களுக்கு இது நேர்வதுதான். நானும் பேரேடுகளில் கண்டிருக்கிறேன். ஆனால் இரண்டு முறையும் அதே வரியில் நேர்ந்திருந்தது. சென்னியப்பன் புத்தகத்தைத் தள்ளி வைத்தார்.

"பொன்னண்ணன் இந்த வரிய மறைக்குது புள்ள," என்றார்.

"செத்த மனுசன் எதுக்கு மறைக்குது? உங்க கண்ணுதான் அதப் பாக்க மாட்டீங்குது. புஸ்தகத்த மூடிப் போட்டு எனக்குச் சொல்லுங்க. சொல்றத எழுதுங்க."

அன்றிலிருந்து அப்படியே செய்தார். ஒரு பத்தியை முழுவதும் படிப்பார், மூடுவார். "இப்ப என்ன செய்யோணும்?" என்று அவள் கேட்பாள். பதிலைத் தம் பேச்சில் ஒரு வரியாக எழுதுவார். பிறகு புத்தகத்தைத் திறந்து, ஏதும் விட்டுப்போனதா என்று ஒத்துப்பார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற, கிளீனருக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை எழுதவில்லை. 'முன்', 'பின்', 'கூடாது' என்று வருவதை மட்டும் ஒருபோதும் விடவில்லை.

அந்த வரிக்கு வந்தபோது 'எறக்கம் - கீழே மாத்து' என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

"கீழேன்னா? எறக்கத்துக்கு அடியில போயா மாத்துவீங்க? அதுக்குள்ள ஓடையில கெடப்பீங்களே!"

தம் சொல்லே தம்மைக் கொல்லப் பார்த்ததை உணர்ந்து அதை அடித்தார். 'மேட்டிலேயே ரெண்டு. அப்புறந்தான் எறக்கம்' என்று எழுதினார். ரெண்டு என்றால் இரண்டாம் கியர். ஏழு பக்க அத்தியாயம் ஒரு தாளின் ஒரு புறத்தில் அடங்கியது. நோம்பிக்கு முன்பே புத்தகம் முதலாளி கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சேலத்தில் அதிகாரி இறக்கத்தைப் பற்றியும் கேட்டார். புத்தகத்துச் சொல் ஒன்றுகூட சென்னியப்பனுக்கு வரவில்லை. மாரக்காளுக்குச் சொன்னதையே சொன்னார். "யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று அதிகாரி கேட்க, "ஊட்டுல கேட்டாங்க, சொன்னனுங்க" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். லைசென்ஸ் கிடைத்தது.

புது வண்டியோடு அவர் முதன்முதலாக ராசிபுரம் புறப்பட்ட நாளில் முன் பெஞ்சில் நான் இருந்தேன். கரட்டு மேட்டின் உச்சியில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு ஆட்டு வியாபாரி, "ஏனப்பா, எறங்கித் தள்ளோணுமா?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் கியர் தண்டைப் பிடித்தார்.

அந்தக் கால வண்டியில் டாப்பிலிருந்து இரண்டுக்கு நேராகப் போக முடியாது. இடையில் கியர் தண்டை நடுவில் நிறுத்தி, எஞ்சினைச் சற்று முடுக்கி, பிறகே தள்ள வேண்டும். நடுவில் நிற்கும் அந்த நொடியில் வண்டியை எஞ்சின் பிடித்திருக்காது. சக்கரம் மட்டும் உருளும். அந்த நொடியில் அவர் கை காதுக்குப் போகவில்லை. யாரோ காதோரம் பேசுவதைக் கேட்பவர்போலத் தலை சாய்ந்திருந்தது.

தண்டு உள்ளே இறங்கியது. எஞ்சின் மறுபடி முனகியது.

"விழுந்துருச்சுண்ணா," என்றார், தாழ்ந்த குரலில்.

இப்போது 1948. அவர் இன்னும் அதே பாதையில் ஓட்டுகிறார். தாள் எப்போதோ கிழிந்துபோயிற்று, தேவையும் இல்லை. ஆனால் கரட்டு மேட்டு உச்சியில், தண்டு நடுவில் நிற்கும்போது, பொன்னனின் 'கியர் விழுகலடா சென்னி' என்ற அழைப்பு ஒரு நாளும் தவறுவதில்லை என்கிறார். இவரும் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இறங்கியதில்லை.