தொனி மாறும் கட்டம்

அந்த டியூஷன் நிலையத்தில் ‘கட்டம் மிஸ்’ என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். வாசலில் நின்று இலக்கிய ஆசிரியை எங்கே என்று கேட்டால், கணக்குச் சொல்லித்தருபவர்கூடக் கொஞ்சம் முழித்துவிட்டு, “ஓ, கட்டமா? மாடியில பாருங்க” என்பார்.

பட்டம் வாங்கியவர் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். இலக்கியத் தேர்வின் பழைய வினாத்தாள்களைத் தொகுத்து ஒரு புத்தகம் அச்சுக்கு வந்தது. அதைத் திருத்த உட்கார்ந்தவர் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எல்லா ஆண்டும் ஒரு கேள்வி மட்டும் மாறாமல் இருந்தது: பாடநூலில் இல்லாத ஒரு கவிதையைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வார்கள். இருபது மதிப்பெண். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் வழுக்கி விழும் இடம் அதுதான்.

பத்தொன்பது ஆண்டுக் கவிதைகளை வெட்டி நோட்டில் ஒட்டினார். ஒவ்வொன்றையும் துருவித் துருவிப் படித்து, கடைசியில் ஒரே தாளில் ஒன்பது கட்டம் போட்டார். மையக் கருத்து என்ன, சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், தொனி, படிமம், அணி, ஓசை என்று போகும். எந்த உத்தியையும் பெயர் மட்டும் சொல்லிவிட்டு ஓடக்கூடாது. வரியை எடுத்துக்காட்டி, அது கவிதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். எதுகையே இல்லாத புதுக்கவிதைக்கு “எதுகை இனிதே அமைந்துள்ளது” என்று எழுதியவனைப் பார்த்து, “எங்கப்பா இருக்கு? எனக்கும் காட்டேன், நானும் ரசிக்கிறேன்” என்பார். வகுப்பே சிரிக்கும்.

எட்டாவது கட்டத்தில் இப்படி இருந்தது: ‘கடைசிப் பகுதியில் தொனி மாறும். எந்தச் சொல்லில்?’

பத்தொன்பதில் பதினேழு கவிதைகள் அப்படி மாறியிருந்தன. மீதி இரண்டையும் ‘லேசாக மாறுகிறது’ என்று அவரே சேர்த்துக்கொண்டார். தாள் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டாமா?

போன வருஷம் அவருடைய தங்கையும் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயது. பள்ளி நூலகம் ஒன்றில் பதினோரு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். இலக்கியத்தில் முதல் நிலை வாங்கினால் வேலை நிரந்தரம். விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பது. போன தேர்வு, இந்தத் தேர்வு, அவ்வளவுதான் அவளுக்கு.

பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் இருந்து ஒருநாள் கை தூக்கினாள். “மிஸ், தொனி மாறலைன்னா?”

“மாறும். தேடுங்க.”

“தேடியும் கிடைக்கலைன்னா?”

“கண்ணாடிய மாத்துங்க” என்றார் கட்டம் மிஸ். அன்றைக்கும் வகுப்பு சிரித்தது. தங்கையும் சிரித்தாள்.

தேர்வில் வந்த கவிதை, மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. பதினான்கு வரி. ஒரு போர்வை, அடுத்த போர்வை, அதற்கடுத்தது. ‘அடுத்தது’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும்.

முடிவு வந்தது. நாற்பத்து நான்கு பேரில் நாற்பத்தொரு பேருக்கு நல்ல நிலை. நிலையத்து முதலாளி வாசலில் பெரிய பலகை வைத்தார். தங்கைக்கு முதல் நிலை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

விடைத்தாளின் நகலை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வந்தாள். சமையலறை மேசையில் ஈரம் துடைத்துவிட்டு, நகலைப் பரப்பினாள்.

“ஆறாம் பக்கம் பாருக்கா.”

ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுவதும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததற்குக் கீழேயும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ‘முதல் வரியில் இருக்கும் களைப்புதான் கடைசி வரியிலும் இருக்கிறது. இங்கே எதுவும் மாறவில்லை. மாறாமல் இருப்பதைக் காட்டத்தான் எல்லா வரியும் ஒரே நீளத்தில் வருகின்றன. அடுத்தது என்பது நம்பிக்கை இல்லை, இன்னொரு போர்வை.’

அதற்குக் கீழே, புதிதாக: ‘கடைசிப் பகுதியில் தொனி மாறுகிறது. அடுத்தது என்ற சொல் எதிர்காலத்தின் மீதான நம்பிக்கையை விதைக்கிறது.’ பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

கட்டம் மிஸ் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கத் தைரியம் வரவில்லை.

“ஏன்டி அடிச்ச?”

“எட்டாவது கட்டம் காலியா இருந்துச்சு. நீ திட்டுவியேன்னு பயந்துட்டேன்.”

“மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?”

“கேட்டுட்டேன். நாமளே அடிச்சுட்டு வேற எழுதினா, அடிச்சதைப் பார்க்க மாட்டாங்களாம்.” தங்கை தேநீரை ஊதினாள். “விடுக்கா. மூஞ்சிய இப்படி வெச்சுக்காத, பால் திரிஞ்சுடப் போகுது.”

தேர்வாளர்களின் ஆண்டறிக்கை அதற்கடுத்த வாரம் வந்தது. ‘இல்லாத தொனி மாற்றத்தை ஒரே சொற்களில் பலர் எழுதியுள்ளனர். பயிற்சித் தாளை நம்பிக் கவிதையைப் படிக்காமல் விட்டதாகத் தோன்றுகிறது.’ யாருடைய தாள் என்று எழுதியிருக்கவில்லை. அவருக்குக் காது சுட்டது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். புது மாணவர்களுக்கான தாள்கள் கட்டுக்கட்டாக மேசைமேல் இருந்தன.

“எட்டாவதை எடுத்துடணும் சார்.”

“எதுக்கு மிஸ்? நாப்பத்தொரு பேர்!”

“அத்தனை பேரும் தப்பா எழுதியிருக்காங்க.”

“தப்பா எழுதியே நாப்பத்தொரு பேரா? அப்ப அதைவிட நல்ல தாள் எங்க கிடைக்கும்?” தன் நகைச்சுவையைத் தானே ரசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒம்பது கட்டம்னு சொல்லித்தான் பிள்ளைங்கள சேர்க்கிறாங்க. எட்டு கட்டத்துக்கு யாரு வருவா? வகுப்புல வாயால சொல்லிக்குங்க, நான் வேண்டாங்கலையே.”

வாயால் சொல்வது என்று முடிவு செய்தார். புது வகுப்பில் அந்தப் போர்வைக் கவிதையையே பலகையில் எழுதிப்போட்டார். கடைசி பெஞ்சில் தங்கை இருந்தாள். இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம்.

“இதுல தொனி எங்க மாறுது?”

முன்வரிசைப் பெண் பட்டென்று எழுந்தாள். “கடைசி வரியில, மிஸ். நம்பிக்கை.”

“எதைப் பார்த்துச் சொல்ற?”

“எட்டாவது கட்டத்தைப் பார்த்து, மிஸ்.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “எட்டாவது கட்டத்தை நான் தப்பாப் போட்டுட்டேன். மாறினா மட்டும் எழுதுங்க. மாறலைன்னா மாறலைன்னு எழுதுங்க. கவிதைய நீங்க படிங்க.”

பிறகு நாற்பது பேனாக்கள் ஒரே நேரத்தில் குனிந்தன. எட்டாவது கட்டத்துக்குக் கீழே ‘மாறினால் மட்டும்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

“மிஸ், மாறலைன்னா எத்தனை வரி எழுதணும்?”

“மாறலைங்கிறதுக்கு உத்திப் பேரு என்ன மிஸ்?”

“மாதிரிக்கு ஒண்ணு சொல்லுங்க மிஸ், எழுதிக்கிறோம்.”

“நீங்களே யோசிச்சு…” என்று ஆரம்பித்தார். நாற்பது முகமும் காத்திருந்தன. யாருக்கும் கோபமில்லை, சந்தேகமுமில்லை. கடைசி பெஞ்சில் இருந்த முகத்தைப் பார்த்தார். யோசித்து எழுதச் சொல்லி அங்கேயும் வழுக்கினால்? முதல் நிலைக்கு இரண்டு மதிப்பெண். வயது வரம்பு நாற்பது. இன்னொரு தடவை கிடையாது.

“சரி. எழுதிக்குங்க” என்றார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. “இக்கவிதையில் தொனி தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் நிற்கிறது. காற்புள்ளி இல்ல, முற்றுப்புள்ளி. அந்த மாறாமையே கவிதையின்…”

“கவிதையின்?”

“…கவிதையின் பொருள்.”

இரண்டாம் தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். கடைசி பெஞ்சில், அதைத் தானே முதலில் எழுதி, அடித்தும்விட்ட தங்கை, நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.