பக்கத்துக்கு வெளியே கிடந்த பத்தி

கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தின் முனையில் பொற்கொடியின் கடை இருக்கிறது. பலகையில் டி.டி.பி., ஜெராக்ஸ், ஆன்லைன் என்று மூன்றும் எழுதியிருக்கும். மூன்றில் சோறு போடுவது ஜெராக்ஸ்தான். ஆனால் யாராவது 'ஜெராக்ஸ் கடைக்காரம்மா' என்று கூப்பிட்டால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். இருபத்தாறு வருஷம் தமிழ் தட்டிய கை அது. கோபம் நியாயம்தான்.

போன ஆவணி மாதம் ஒரு முற்பகலில் ரூபன் அந்தக் கடைக்கு வந்தார். காரமடையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், ஒரு காலத்தில் இந்தக் கடைக்குக் கட்டுரை கொண்டுவந்த ஐயாசாமியின் மகன். பொற்கொடி அவரை அரைக்கால் சட்டையில் பார்த்தது. இப்போது மீசை நரைத்திருந்தது.

"ஏனுங்க்கா, அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சுங்க. சர்க்கரை. இப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டே இருக்கறாரு. அம்மாவைப் பத்தி எழுதிக் குடுத்தாராமா, பொஸ்தகத்துல வராமப் போச்சாமா. அது உங்ககிட்ட இருக்குங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

எந்தக் கட்டுரை என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே பொற்கொடிக்குத் தெரிந்துவிட்டது. "தேடிப் பாக்கறேனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

தொண்ணூற்றொன்பதில் இந்தக் கடை அப்புசாமியுடையது. பொற்கொடி இருபத்திரண்டு வயதில் ஆபரேட்டராக வந்து சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் போக, அப்புசாமி மாதாமாதம் 'பட்டறைச் செய்தி' என்று பதினாறு பக்கத்தில் ஒரு பத்திரிகையும் போட்டு வந்தார். அதில் எழுதுகிறவர்கள் எல்லோரும் பட்டறைக்காரர்கள். ஐயாசாமி பவுண்டரியில் வார்ப்புக்கு மண் அச்சு பிடிக்கும் மோல்டர். கரிமண் படிந்த விரல்களோடு வந்து, நோட்டில் கிழித்த தாள்களை நீட்டுவார். ஓரத்தில் எப்போதும் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கும். என்ன நாட்கள் அவை. டிரேசிங் ஷீட் சூடாகப் பிரிண்டரிலிருந்து வரும்போது ஒரு வாசனை வரும், அதற்காகவே மேலும் இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம் என்று பொற்கொடி இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வருஷத் தீபாவளி மலர் அச்சுக்குப் போகிற அன்று, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் அரைப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. "எதையாச்சும் ஒண்ணத் தூக்கிப்போடு அம்மணி," என்று சொல்லிவிட்டு அப்புசாமி டீ குடிக்கப் போய்விட்டார். பொற்கொடி தூக்கியது ஐயாசாமியின் கட்டுரையை. அது அளவாக அரைப்பக்கம் இருந்தது, வேறு காரணமே கிடையாது. அவள் அதைப் படித்திருக்கவில்லை. அவளேதான் தட்டினாள், ஆனாலும் படிக்கவில்லை. ஆபரேட்டர்களைக் கேட்டுப் பாருங்கள், இது விளங்கும்: கண் தாளைப் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு மதியச் சாப்பாட்டில் இருக்கும்.

ஐயாசாமியின் மனைவி வள்ளியாத்தாள் அப்போது பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். மலர் வந்த நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த இதழில் போடுகிறேன் என்று அப்புசாமி சொன்னதற்கு, "இனி வேண்டாமுங்க," என்றாராம் ஐயாசாமி. அதோடு எழுதுவதையும் விட்டுவிட்டார். கையெழுத்துத் தாள் குப்பைக்குப் போய்விட்டது. கட்டுரையைத் தூக்கியது தான்தான் என்று பொற்கொடி யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பழி அவளுக்குள்ளேயே இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தது.

ஒரு நம்பிக்கை இருந்தது. பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் வேண்டாத பத்தியை யாரும் அழிப்பதில்லை. பக்கத்துக்கு வெளியே வெற்றிடத்தில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அச்சில் வராது, ஃபைலில் கிடக்கும். பழைய வேலைகளையெல்லாம் அப்புசாமி சாவதற்கு முன் சி.டி.க்களில் ஏற்றி வைத்திருந்தார். கடை மூலையில் பழைய வாடிக்கையாளர்களுக்காக ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சி.டி. மூன்று தடவை முனகிவிட்டு ஓடியது. ஃபைல் திறந்தது. இந்த ஃபாண்ட் இல்லை, வேறு ஃபாண்டில் காட்டட்டுமா என்று கேட்டது. சரி என்றாள். பதினாறு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாய் விரிந்தது. ஒன்பதாம் பக்கத்துக்கு வலப்புறம், ஜவுளிக்கடை விளம்பரத்தை ஒட்டி, வெளியே அநாதையாக ஒரு பத்தி கிடந்தது. அதைப் பார்த்ததும் பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு எழுத்தும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் எல்லாம் வேஷம்தான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். ஃபாண்ட் போனால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அப்படியில்லை, தமிழ் எழுத்துக்குத் தமிழ் எழுத்தென்றே எண் உண்டு. பழையதைப் புதியதாக மாற்றிக் கொடுக்க இணையத்தில் இலவசப் பக்கங்களும் உண்டு. பொற்கொடி பத்தியை நகலெடுத்து, அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் ஓடிய பாமினி ஃபாண்டிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

வந்தது பாதித் தமிழ். 'மரம்' இருக்க வேண்டிய இடத்தில் 'வலவ்' என்று இருந்தது. முதல் வரியிலேயே 'மள்ளியாத்தாள்' என்று நின்றது.

அப்போதுதான் அப்புசாமியின் குறும்பு ஞாபகம் வந்தது. எதிர்க்கடைக்காரன் தன் ஃபைலைத் திறந்து வேலையை அடித்துக்கொண்டு போகக் கூடாது என்று, பாமினியை எடுத்துச் சில எழுத்துகளை இடம் மாற்றி 'கடை ஃபாண்ட்' என்று ஒன்று செய்து வைத்திருந்தார் மனிதர். அந்த ஃபாண்ட் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு செத்துப்போய்விட்டது. அவரும் இல்லை. எதை எதோடு மாற்றினார் என்ற பட்டியல் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எதிர்க்கடைக்காரன் கடையை மூடிவிட்டு மொபைல் விற்கப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, அவனுக்காகப் போட்ட இந்தப் பூட்டு மட்டும் மிச்சம்.

தெரிந்த இரண்டை முதலில் சரி செய்யலாம் என்று 'ம' எல்லாவற்றையும் 'வ' ஆக்கினாள். பிறகு 'வ' எல்லாவற்றையும் 'ம' ஆக்கினாள். இரண்டும் ஒன்றாகி, பத்தியில் 'வ' என்பதே இல்லாமல் போய்விட்டது. தலையில் அடித்துக்கொண்டு, இடையில் ஒரு குறியைப் போட்டு மறுபடி செய்தாள். அது சரியானது. ஆனால் 'மு', 'வு' போன்றவற்றுக்குப் பழைய ஃபாண்டில் தனித்தனி இடம். அவற்றை அப்புசாமி மாற்றினாரா விட்டாரா தெரியாது. ஊகித்து ஊகித்துப் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் அது ஐயாசாமி எழுதியதாக இருக்குமா, பொற்கொடி எழுதியதாக இருக்குமா? ஏற்கெனவே ஒரு தடவை அவர் எழுத்தில் கை வைத்தாயிற்று. இன்னொரு தடவை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பட்டியல் அப்புசாமி தலையில் மட்டுமா இருந்தது? அவள் விரலில் இல்லையா? நோட்பேடைத் திறந்து, சாதாரண ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, பழைய கைப்பழக்கத்தில் 'வள்ளியாத்தாள்' அடிக்கப் பார்த்தாள். விரல் தயங்கியது. பத்து வருஷமாக அவள் தட்டுவது தமிழ் 99 என்கிற வேறு விசைப்பலகை முறை. புது வழி பழைய தடத்தை மூடிவிட்டிருந்தது. 'வ' எங்கே இருந்தது என்று யோசிக்க யோசிக்க எல்லாமே மறந்துபோனது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, யோசிக்காமல் அடிக்கக்கூடியது எது என்று யோசித்தாள். சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, 'அன்புடையீர், நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தாள். விரல்கள் தாமாக ஓடின. இருமனம் கலக்கும் திருமணத்துக்குச் சுற்றம் சூழ வரச் சொல்லி, வெள்ளகோவில் மாப்பிள்ளை வீடு வரை ஒரே மூச்சில் போய்த்தான் நின்றன. ஆயிரக்கணக்கான பத்திரிகை அடித்த கையல்லவா. அடுத்து கண்ணீர் அஞ்சலி, அதற்கடுத்து கும்பாபிஷேக நோட்டீஸ். ஆல்ட்டை அழுத்தி எண் போட்டு வாங்குகிற எழுத்துகள்கூட, எண் நினைவில்லாமலே விரலில் வந்தன. அந்தப் பழைய மத்தியானங்கள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு. அப்புசாமியின் இருமல்கூடக் கேட்டது.

திரையில் குப்பை. ஆனால் இந்தக் குப்பையின் தமிழ் அவளுக்கு மனப்பாடம். எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த விசை என்று ஒரு தாளில் எழுதினாள். பாமினியோடு ஒப்பிட்டதில் பதினாலு எழுத்து இடம் மாறியிருந்தது. பதினாலையும் குப்பையிலேயே மாற்றிவிட்டு, இணையப் பக்கத்தில் ஒட்டி அழுத்தினாள். தமிழ் வந்தது. வேர்டில் ஒட்டினாள், தமிழாகவே நின்றது. பிறகு அதை முதல் முறையாகப் படித்தாள். படித்து முடித்ததும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காரமடைக்குப் பஸ் ஏறினாள்.

ஐயாசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. "வாங்க அம்மணி. கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்க. தலைப்பு மட்டும் இல்லீங்க. அதைத் தனியாப் போட்டிருந்தேன், காணமுங்க. என்னன்னு போடட்டுமுங்க?"

"வள்ளியாத்தாள்னே போடுங்க."

அவள் வேர்டில் மேலே போய் நின்று தட்டினாள். ஃபாண்ட் தேடவில்லை, எண் போடவில்லை. தட்டிய பெயர் கீழே இருந்த பழைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ரூபனின் போனுக்கு அனுப்பியதும் அங்கேயும் அதே பெயர் வந்தது. ரூபன் போனை வாசிக்க விட்டார். இயந்திரப் பெண் குரல் ஒன்று 'வள்ளியாத்தாள்' என்று யாரோ ஒருத்தியைப் போலச் சொன்னது. ஐயாசாமி கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

பொற்கொடியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஐயா, அன்னைக்கு இதை எடுத்தது நானுங்க. அப்புசாமி அண்ணன் இல்லீங்க. படிச்சுக்கூடப் பாக்காம எடுத்துப்போட்டேனுங்க."

"தெரியும் அம்மணி. அப்புசாமி அப்பவே சொல்லிப்போட்டான். புதுசா வந்த புள்ள, ஒண்ணும் கேட்டுப்போடாதீங்கன்னான்." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெசினு வேண்டாம். நீங்க படிங்க. படிக்காம உட்டதுதானுங்களே."

பொற்கொடி லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டு படித்தாள்.

"வள்ளியாத்தாள் பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கச் சொன்ன கோபத்தில், தன் பெயரை மட்டும் ஒரே வாரத்தில் எழுதப் படித்தாள். ஒவ்வொரு மாதமும் நான் எழுதுவது அச்சாகி வந்ததும் வாங்கிக்கொண்டு, தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவாள். இருக்காது. ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிடுவாள். இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். மலர் வந்ததும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். இந்த மாதம் உன் பெயர் இருக்கிறது, வள்ளியாத்தா. தேடிப் பார்."

ரூபன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

"கொண்டு போயிக் குடுத்தேன்," என்றார் ஐயாசாமி. "பதினாறு பக்கமும் தேடினா. அச்சுல உட்டுப்போச்சு, அடுத்த மாசம் வரும்னு சொன்னேன். சரின்னா."

பொற்கொடி லேப்டாப்பை மூடப் போனாள்.

"இன்னொருக்கா படிங்க அம்மணி," என்றார் அவர். "சித்தெ மெதுவா. அவ எழுத்துக்கூட்டித்தான் படிப்பா."