மணக்காத நெய்

அந்த பிஸ்கட் கடையில் வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘மூக்கு’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்கும் தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பால் பண்ணையின் வெண்ணெய் அறையில் வேலை பார்த்தவள். வெண்ணெய்க் கட்டியின் காகிதத்தை ஓரமாகப் பிரித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். புதுசா, பழசா, குளிர்பெட்டியில் வேறு எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுவரை சொல்லிவிடுவாள்.

புகுந்த வீட்டின் பிழைப்பே நெய் பிஸ்கட்டும் வெண்ணெய் கேக்கும்தான். கீழ்த்தளத்தில் அடுப்பறை, அதன் மேல் வீடு. மாமனார் போன பிறகு அடுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். புருஷனுக்கு வண்டியில் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நெய், வெண்ணெய் வாங்குவது முழுக்க அவள் பொறுப்பு. “அண்ணி சரின்னுட்டா சரி” என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு மாவில் கொட்டுவாள். இருவருக்கும் நடுவில் அதற்கு மேல் கேள்வியே கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சளி பிடித்தது, மூக்கடைத்தது, எல்லோருக்கும் வருவது போலத்தான். காய்ச்சல் போயிற்று, அடைப்பும் போயிற்று. வாசனை மட்டும் திரும்பவில்லை. காபியை முகர்ந்தாள்; வெறும் சூடு. சோப்பை முகர்ந்தாள், வழவழப்பு தெரிந்தது, வேறொன்றும் இல்லை. வைத்தியர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வரலாம், மாசக்கணக்காகலாம், வராமலும் போகலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மென்றுகொண்டே வந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நாளைத் தள்ளினாள். புருஷனிடம் சொன்னால் அவன் தங்கையிடம் உளறிவிடுவான். தங்கைக்குத் தெரிந்தால் அடுப்பறை முழுக்கத் தெரியும். மூக்கு இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பால் அடிப்பிடிப்பது தெரியாமல் அடுப்பு முன்னாலேயே நின்றாள். கேஸ் கசிந்தால் தெரியாதே என்று குழாயைத் திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்தாள். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் தன் புடவையில் வேர்வை வீசுகிறதோ என்று ஒதுங்கினாள். வழக்கமாக வாங்கும் வெண்ணெய் வியாபாரியிடமே வாங்கி, முகர்வது போலக் குனிந்து, தலையாட்டி, உள்ளே அனுப்பினாள்.

அப்படி அனுப்பிய ஒரு பெட்டி வெண்ணெயில் செய்த பிஸ்கட்டை ஒரு டீக்கடைக்காரர் திருப்பி அனுப்பினார். பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்கிறதாம். நாத்தனார் துடித்துப்போனாள். தட்டுகளைச் சரியாகக் கழுவவில்லையோ, டப்பாவில் அடைக்கும் முன் ஆற விடவில்லையோ என்று தன்னையே குடைந்துகொண்டாள். அடுப்பறையை முழுசாகத் தேய்த்துக் கழுவினாள். இவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். மிச்சமிருந்த கட்டியை எடுத்துப் பார்த்தபோது மேல்தோல் உள்ளே இருப்பதைவிட அடர்ந்த மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. காற்றுப்பட்டுக் கெட்ட வெண்ணெய். கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காலமெல்லாம் மூக்கை நம்பியவளுக்குக் கண்ணைப் பயன்படுத்தத் தோன்றவில்லை. நாத்தனாரிடம் சொல்லாமல் கட்டியைக் காகிதத்தில் சுருட்டி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஊரில் பல அலுவலகங்களுக்கு கேன்டீன் நடத்தும் ஒருவர், மாதாமாதம் நெய் பிஸ்கட் வேண்டும், டப்பாமேல் ‘சுத்தமான நெய்யில் செய்தது’ என்று போட வேண்டும் என்றார். பழைய வியாபாரியிடம் அவ்வளவு நெய் இல்லை, இருப்பதற்கும் விலை ஏறிவிட்டது. எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, ஒரு புது ஏஜென்ட் இரண்டு டின்னோடு வந்து நின்றார். சலவைச் சட்டை, சிரித்த முகம். கூடவே ஒரு பெட்டி வெண்ணெயும்.

அவர் டின்னைத் திறந்ததும் அடுப்பறையே திரும்பிப் பார்த்தது. மாவு சலித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். நாத்தனார் கண்ணை மூடி ஒரு முறை இழுத்தாள். “என்ன வாசனை அண்ணி! பழைய ஆள் கொடுக்குறதெல்லாம் இதுகிட்ட நிக்குமா?” என்றாள். எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். ஏஜென்ட் டின்னை இவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

அவள் குனிந்தாள். ஒன்றுமில்லை.

“நல்லாத்தான் இருக்கு. வச்சிட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

விலையைக் கேட்டபோது அவர் சொன்ன எண்ணில் அவள் மனசு சிக்கிக்கொண்டது. கடைவீதியில் வெண்ணெய் கிலோவுக்கு என்ன விலையோ, அதற்கும் கீழே இருந்தது அவருடைய நெய். வெண்ணெயை உருக்கினால் தண்ணீர் ஆவியாகும், கசடு அடியில் தங்கும்; ஒரு கிலோவில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் நெய் தேறும். அப்படியிருக்க வெண்ணெயைவிட நெய் எப்படி மலிவாக இருக்கும்? மொத்தமாக வாங்குகிறோம், அதனால்தான் என்றார் ஏஜென்ட். மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் குறையும். பால் வற்றி விலையேறிய நேரத்தில் இவ்வளவு குறையாது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அடுப்பறையில் தனியாக உட்கார்ந்தாள். பழைய நெய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இடது மணிக்கட்டில் அதில் ஒரு துளி, வலது மணிக்கட்டில் புதுசு ஒரு துளி வைத்தாள். இடது பக்கம் சட்டென்று இளகிப் பளபளத்தது. வலது பக்கம் மெழுகு மாதிரி உட்கார்ந்திருந்து, பிறகு வேண்டாவெறுப்பாக உருகியது. நாக்கில் வைத்தாள். பழையது கரைந்து போய்விட்டது. புதுசு மேலண்ணத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு, வெந்நீர் குடித்தும் போகவில்லை. பழைய நெய் மணல் மணலாகக் கையில் நெருடியது. புதுசு ஒரே சீராக, களிம்பு மாதிரி.

ஆனாலும் மனசு ஆறவில்லை. வேகமாக ஆறவைத்தால் நல்ல நெய்கூட வழவழப்பாகத்தான் உறையும். அறை குளிர்ந்திருந்தால் நல்ல நெய்யும் கையில் மெதுவாகத்தான் இளகும். ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லி ஆர்டர் கைநழுவிப் போனால்? சரி என்று சொல்லி டப்பாமேல் பொய்யைப் போட்டு விற்றால்?

வெண்ணெய்ப் பெட்டியைத் திறந்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ரொட்டியில் தடவினாள். நல்ல வெண்ணெய் அந்தக் குளிரில் கத்திக்கு முரண்டு பிடிக்கும், உடையும். இது பூசு மருந்துபோல வழுக்கிக்கொண்டு போனது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் பசு மாட்டுப் படம், பச்சைப் புல். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘தாவரக் கொழுப்பு கலந்தது’. எங்கேயும் வெண்ணெய் என்ற வார்த்தையே இல்லை. கலப்பு என்று சொல்லி விற்றால் அது குற்றமில்லை, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். படத்தைப் போட்டு மயக்கி வெண்ணெய் என்று வாயால் சொன்னாரே, அதுதான் அவளைச் சுட்டது. வெண்ணெயில் ஏமாற்றுபவர் நெய்யில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பாரா?

டின்மேல் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதற்கு ஒரு மூக்கு வேண்டும்.

நாத்தனார் சாப்பிட்டு இறங்கி வந்ததும், இவள் இரண்டு நெய்யையும் தனித்தனிக் கிண்ணத்தில் சுடவைத்து அவளை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அவள் பழையதை முகர்ந்து, சுட்டதும் மணம் தூக்கலாகியிருக்கிறது என்றாள். புதுசை முகர்ந்தாள். முகம் சுருங்கியது. மறுபடியும் முகர்ந்தாள்.

“டின்ல அப்படி மணத்துச்சே, எங்க போச்சு? சும்மா எண்ணெய் காயுற மாதிரி இருக்கு.”

“சேர்த்த வாசனை சூட்டுல பறந்துடும். பாலோட மணம் சுட்டா ஏறும்.”

“அப்ப இது நெய்யே இல்லையா? காலைல நல்லா இருக்குன்னீங்களே அண்ணி. உங்க மூக்குக்கு இது எப்படித் தப்பிச்சுது?”

இவள் அடுப்பை அணைத்தாள்.

“எனக்கு வாசனை தெரியல, கண்ணு. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல.”

நாத்தனார் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் இவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த பிஸ்கட்டுக்கும் காரணம் கெட்ட வெண்ணெய்தான், அடுப்பு இல்லை என்று அதையும் சொல்லி முடித்தாள்.

“நான் உட்கார்ந்து தட்டு தட்டா தேய்ச்சேன். நீங்க தண்ணி ஊத்திக்கிட்டு நின்னீங்க” என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று இவளுக்கு இருந்தது. அவள் மாடிக்குப் போகாமல் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். வெகுநேரம் கழித்து வந்து, “கேஸ் வாசனையும் தெரியாதா?” என்று கேட்டாள். தெரியாது என்றாள் இவள். “அடிப்பாவி, சொல்லக்கூடாதா?” என்றவள் குழாயைத் தானே ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டு, மாவு பிசைய உட்கார்ந்தாள்.

மறுநாள் ஏஜென்ட் வந்தபோது நாத்தனாரும் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தச் சரக்குக்கு ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்த தாள் இருக்கிறதா என்று இவள் கேட்டாள். ஊரே வாங்குகிறது, யாரும் தாள் கேட்பதில்லை என்று அவர் சிரித்தார். அப்படியானால் நாங்களே கொடுத்துப் பார்க்கிறோம், முடிவு வரட்டும் என்றதும் சிரிப்பு சுருங்கியது. விலையில் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்த்தார். இறங்க இறங்க இவளுக்குப் பயம்தான் ஏறியது. கடைசியில் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போனவர், திறந்த டின்னைக் கேட்டு வரவேயில்லை.

அதிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்கு ஆய்வுக்கூடம் சொன்ன பதில்: பால் கொழுப்பு பாதிகூட இல்லை, மிச்சம் வேறு கொழுப்பு. கை காட்டியதும் நாக்கு காட்டியதும் சரிதான். ஆனால் அந்தப் பதில் வரும்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை.

கேன்டீன்காரரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். சொன்ன விலைக்குச் சுத்த நெய்யில் தர முடியாது. வேண்டுமானால் பாதி அளவு, கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தருகிறோம் என்றார்கள். அவர் முணுமுணுத்தார், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சொல்லியனுப்ப வெகுநாள் எடுத்துக்கொண்டார். பாதிதான் கேட்டார், அதிலும் பேரம் பேசினார். பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, கடை கவிழவும் இல்லை. டீக்கடைக்காரரிடம் நாத்தனாரே போய், தப்பு வெண்ணெயில் என்று சொல்லிப் புது பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தாள். யார் தப்பு என்று அவள் சொல்லவில்லை என்பதைப் புருஷன் மூலமாகத்தான் இவள் தெரிந்துகொண்டாள்.

வாசனை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆனால் கோணலாக வந்தது. காபி ரப்பர் கருகியது போல இருந்தது. நல்ல நெய் ஒருநாள் ஈர அட்டைபோல வீசியது, இன்னொரு நாள் வீசவேயில்லை. வைத்தியர் இது நல்ல அறிகுறி என்றார். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுமே தெரியாதபோதாவது தெரியாது என்பது நிச்சயமாக இருந்தது.

இப்போது சரக்கு வாங்க இருவரும் சேர்ந்து போகிறார்கள். இவள் வெட்டிப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, பின்பக்கத்து எழுத்தைப் படித்து, விலையைக் கணக்குப் போட்டு முடித்த பிறகே நாத்தனார் மூக்கை நீட்டுவாள். அவள் சரி என்று சொன்ன பிறகும் இவள் ஒரு கட்டியை மறுபடி பிரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “போதும் அண்ணி, வியாபாரி முறைக்கிறார்” என்று நாத்தனார் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். முறைக்கட்டும் என்று இவள் அடுத்த கட்டியை எடுப்பாள்.